டி.கே.ஏ வழிகாட்டியை ஒரே பக்கத்தில் அடக்குவது: முதல் கட்டத்தில் சர்க்கரை அளவு இருக்கலாமா?

இரவுவார்டு

புதிதாக வரும் ஜூனியர் டாக்டர்களுக்காக டி.கே.ஏ சிகிச்சையை, அதாவது நீரிழிவில் இன்சுலின் போதாமல் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் நிலைக்கான சிகிச்சையை, ஒரே பக்க ஃப்ளோசார்ட்டாகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். 2024-ல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையை அடிப்படையாக வைத்திருக்கிறேன். நீளமான அறிக்கை. ராத்திரி மூன்று மணிக்கு அதை யாரும் புரட்டப் போவதில்லை. சுவரில் ஒட்டினால் நின்றபடியே படிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

முதல் வரைவு இது:

கட்டம் 1: சர்க்கரை 250-க்கு மேல், கீட்டோன் இருக்கிறது, ரத்தம் அமிலமாக இருக்கிறது → டி.கே.ஏ. இல்லையென்றால் வேறு காரணம் தேடு.
கட்டம் 2: நார்மல் சலைன், முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர்.
கட்டம் 3: இன்சுலின் டிரிப், மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட்.
கட்டம் 4: பொட்டாசியம் பார்த்து, குறைவாக இருந்தால் சேர்.
கட்டம் 5: சர்க்கரை 200-க்குக் கீழே வந்ததும் டிரிப்பை நிறுத்து, தோலடி இன்சுலினுக்கு மாற்று.

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? இன்னும் சுருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழையஸ்டெத்

நல்ல முயற்சி. இரண்டு குறைகள். பி.எச் 7.1-க்குக் கீழே போனால் பைகார்பனேட் கொடு என்று ஒரு கட்டம் வேண்டும், அது இல்லாமல் டி.கே.ஏ பக்கம் முழுமையாகாது. அப்புறம் பொட்டாசியம் 3.3-க்குக் கீழே இருந்தால் இன்சுலின் தொடங்கவே கூடாது. உங்கள் படத்தில் இன்சுலின் மூன்றாவதாகவும் பொட்டாசியம் நான்காவதாகவும் இருக்கின்றன. ஜூனியர் மேலிருந்து கீழேதான் படிப்பான். இன்சுலினை ஓடவிட்ட பிறகுதான் பொட்டாசியம் ரிப்போர்ட்டைத் தேடுவான்.

கீட்டோன்மீட்டர்

பழையஸ்டெத் சொன்ன வரிசை விஷயம் மிகச் சரி. இந்தப் பக்கத்தில் ஆளைக் கொல்லக்கூடிய ஒரே வரிசைப் பிழை அதுதான். இன்சுலின் உள்ளே போனதும் பொட்டாசியம் செல்லுக்குள் நுழையும், ரத்தத்தில் சரசரவென்று இறங்கும். ஏற்கெனவே வாந்தியிலும் சிறுநீரிலும் உடம்பு பொட்டாசியத்தை இழந்திருக்கிறது. மொத்தப் பற்றாக்குறை பொதுவாகக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிமோல் இருக்கும். ஐம்பது கிலோ ஆளுக்கு 150, 200 என்று போகும். ரிப்போர்ட்டில் 5.0 என்று அழகாக வந்திருந்தாலும் உள்ளே கஜானா காலிதான்.

ஆனால் 3.3 என்பது அமெரிக்கச் சங்கத்தின் முந்தைய 2009 அறிக்கையின் எண். 2024-ல் அதை 3.5 ஆக்கிவிட்டார்கள். பழைய எண்ணே பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு பதிப்பின் கட்டங்களை ஒரே பக்கத்தில் கலக்கக் கூடாது. 3.3-க்குக் கீழே நிறுத்து என்று ஓர் இடத்திலும், 3.5-லிருந்து 5.0 வரை திரவத்தில் சேர் என்று இன்னோர் இடத்திலும் போட்டால், 3.4 வந்தவரை எந்தக் கட்டத்தில் வைப்பது?

பைகார்பனேட்டில் எனக்கு உடன்பாடில்லை. இப்போதைய எல்லை பி.எச் 7.0. அதற்குக் கீழே போனால்தான் கொடுப்பதைப் பற்றிய பேச்சே. பைகார்பனேட்டும் பொட்டாசியத்தை இறக்கிவிடும். அதனால் ஜூனியர் பக்கத்தில் அளவு எதுவும் வேண்டாம், "7.0-க்குக் கீழே: சீனியரைக் கூப்பிடு" என்பது போதும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை கட்டம் 1. சர்க்கரை 250 என்று வாசலில் காவல்காரரை நிறுத்தியிருக்கிறீர்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரை சாப்பிட்டு டி.கே.ஏ வந்தவர்களில் பலர் அந்த வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

நடைப்பயிற்சி

நான் டாக்டர் இல்லை, மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 71 வயது, எச்.பி.ஏ.1.சி 8.4. மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார். இந்த ஒரு பக்கப் படத்தை வைத்து அவருக்கு அடுத்த மாத்திரை என்ன என்று பார்க்கலாமா? அடுத்த மாதம் மூட்டு ஆபரேஷன் வேறு இருக்கிறது.

கீட்டோன்மீட்டர்

இது அதற்கான பக்கம் இல்லை. ரத்தத்தில் கீட்டோன் ஏறி, ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கானது. மாத்திரையை மாற்றுவதை அவரைப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள்.

ஆனால் ஆபரேஷன் என்றதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாபாகிளிஃப்ளோசின் அந்த எஸ்.ஜி.எல்.டி.2 வகைதான். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே அதை நிறுத்துவது வழக்கம். பட்டினி, ஆபரேஷனின் அழுத்தம், இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை ஏறாமலேயே கீட்டோன் ஏறலாம். அப்பா இதைச் சாப்பிடுகிறார் என்பதை மயக்க மருந்து டாக்டருக்கும் அறுவை சிகிச்சை டாக்டருக்கும் இப்போதே தெரியப்படுத்துங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், தேதியை அவர்கள் சொல்லட்டும்.

நடைப்பயிற்சி

நன்றி டாக்டர். இதை யாருமே கேட்கவில்லை. நாளைக்கே போன் பண்ணுகிறேன்.

இரவுவார்டு

சரி, கட்டம் 1-க்கு வருவோம். 250-ஐ 200 ஆக்கினால் போதுமா? 2024 அறிக்கையில் அந்த எண்தான் இருக்கிறது.

கீட்டோன்மீட்டர்

அந்த வரியை முழுசாகப் படியுங்கள். சர்க்கரை 200 அல்லது அதற்கு மேல், *அல்லது* ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர். அந்த "அல்லது"தான் முக்கியம். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான், ஏனென்றால் எண் கட்டத்துக்குள் அழகாக உட்காரும், "அல்லது" உட்காராது.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். உதாரணத்துக்காக நான் கட்டிய கேஸ். வயது 34, எடை 50 கிலோ, இரண்டாம் வகை நீரிழிவு, எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, மூச்சு ஆழமாக வாங்குகிறது. சர்க்கரை 192. பி.எச் 7.14, பைகார்பனேட் 9, ரத்தக் கீட்டோன் 5.6, பொட்டாசியம் 3.2.

உங்கள் வரைவில் இவரைப் போடுங்கள். கட்டம் 1-ல் 192, ஆகவே "வேறு காரணம் தேடு". வயிற்றுப்போக்கு, வாந்தி என்று எழுதி, வாந்தி ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைப்பார்கள். 200 என்று திருத்தினாலும் அதே கதிதான். சரி, யாரோ ஒருவர் கீட்டோனைப் பார்த்துவிட்டார், கட்டம் 1-ஐத் தாண்டிவிட்டார் என்று வையுங்கள். கட்டம் 3-ல் இன்சுலின் ஓடத் தொடங்கும். பொட்டாசியம் 3.2. கட்டம் 4-க்கு வருவதற்குள் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதையும் தாண்டினால் கட்டம் 5: சர்க்கரை 192, அதாவது 200-க்குக் கீழே, ஆகவே டிரிப்பை நிறுத்து! தொடங்கிய நிமிடமே நிறுத்தச் சொல்கிறது உங்கள் படம்.

மூன்று இடத்திலும் தவறு ஒன்றுதான். சர்க்கரை கையில் சுலபமாகக் கிடைக்கிற எண், விரலில் குத்தினால் வந்துவிடும். அதனால் எல்லா முடிவையும் அதன் மேல் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இந்த நோயில் உள்ளே நுழைய வைப்பது கீட்டோனும் அமிலமும். இன்சுலினைத் தொடங்கலாமா என்று சொல்வது பொட்டாசியம். வெளியே விடுவதும் கீட்டோனும் அமிலமும்தான். சர்க்கரைக்கு இந்தப் பக்கத்தில் பெரிய வேலை ஒன்றே ஒன்று: டெக்ஸ்ட்ரோஸ் எப்போது சேர்ப்பது என்று சொல்வது.

முதல்வருடம்

நான்தான் நீங்கள் எல்லோரும் பேசுகிற ஜூனியர். ஒரு சந்தேகம். சர்க்கரை இறங்கிவிட்ட பிறகும் இன்சுலின் எதற்கு? போன தடவை நைட் டியூட்டியில் சர்க்கரை 160 வந்ததும் டிரிப்பை நிறுத்தலாம் என்று சிஸ்டரிடம் சொல்லப் போனேன். அவர்தான் "கீட்டோன் பார்த்தீங்களா டாக்டர்?" என்று நிறுத்தினார்.

கீட்டோன்மீட்டர்

சிஸ்டருக்கு ஒரு கும்பிடு. கீட்டோன் உற்பத்தியை நிறுத்துவது இன்சுலின்தான். சர்க்கரை அதற்கு முன்பே இறங்கிவிடும், திரவம் போனாலே பாதி இறங்கும். அதனால் சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்துவதில்லை. 5 அல்லது 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைத் திரவத்தோடு சேர்த்து, இன்சுலினை கிலோவுக்கு 0.05 யூனிட்டாகப் பாதியாக்கி, சர்க்கரையை 200 பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கீட்டோன் தீரும்வரை ஓட்டுவது. தாழ்சர்க்கரை வரக் கூடாது என்பதற்காக டெக்ஸ்ட்ரோஸ், கீட்டோனுக்காக இன்சுலின். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்து ஜூனியர்கள் குழம்புவார்கள். அந்த ஒரு வரியை மட்டும் கட்டத்துக்குள்ளேயே அச்சடித்துவிடுங்கள்.

ஊசிமுனை

நான் ஐ.சி.யூ நர்ஸ். டாக்டர்கள் எல்லோரும் கிலோவுக்கு 0.1 என்கிறீர்கள். பம்ப்பில் நான் அழுத்துவது மில்லிலிட்டர். இந்த இடைவெளியில்தான் தப்பு நடக்கும்.

எங்கள் இடத்தில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மில்லி சலைனில் கலக்குவோம், ஒரு மில்லிக்கு ஒரு யூனிட். அப்போது 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 5 மில்லி, பாதியாக்கினால் 2.5 மில்லி. 100 மில்லியில் 100 யூனிட் கலக்கினாலும் அதே கணக்குதான். ஆனால் வேறு செறிவு பழகின இடத்திலிருந்து ஒருவர் வந்தால் போச்சு. பக்கத்தின் ஓரத்தில் எடைக்கு நேரே மில்லி போட்ட சின்ன அட்டவணை வையுங்கள்: 40 கிலோ, 50, 60, 70, 80. மேலே எந்தக் கலவைக்கு என்று பெரிய எழுத்தில்.

இன்னொன்று. இன்சுலின் குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். புதுக் குழாய் போட்டால் முதல் 20 மில்லியை ஓடவிட்டு வடித்துவிட வேண்டும். சிரிஞ்ச் பம்ப்பில் 50 மில்லிதான் இருக்கும் என்பதால் சிலர் இதைச் செய்வதே இல்லை. அப்புறம் "முதல் இரண்டு மணி நேரம் இன்சுலின் வேலை செய்யவில்லை" என்று டோஸை ஏற்றுவார்கள்.

பழையஸ்டெத்

மில்லி அட்டவணை நல்ல யோசனை. நான் படித்த காலத்தில் முதலில் ஒரேயடியாக ஓர் இன்சுலின் போலஸ், பிறகுதான் டிரிப். அதை ஏன் எடுத்துவிட்டீர்கள்?

கீட்டோன்மீட்டர்

டிரிப் தொடங்கத் தாமதமாகும் என்றால் கிலோவுக்கு 0.1 போலஸ் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். பம்ப் தயாராக இருந்தால் அதனால் பெரிதாக லாபமில்லை. ஒரு பக்கப் படத்தில் இருந்தால் ஜூனியர் எல்லோருக்கும் கொடுப்பான், பொட்டாசியத்தைப் பார்க்காமலும் கொடுப்பான். நான் வெட்டுவேன். உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

பழையஸ்டெத்

இருக்கிறது. பம்ப் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வேறு நோயாளியிடம் ஓடுகிறது என்றால் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா? "பம்ப் கிடைக்கத் தாமதமா?" என்று ஒரு சின்னக் கேள்வியாவது இருக்கட்டும்.

இரவுவார்டு

இருவரும் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன், போலஸை இப்போதைக்குத் திறந்தே வைக்கிறேன். திருத்திய வரைவு:

மேலே, சிவப்பு எழுத்தில்: பெரியவர்களுக்கு மட்டும். குழந்தை, கர்ப்பிணி, இதயம் அல்லது சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் இந்தப் பக்கத்தை விடு, சீனியரைக் கூப்பிடு.

நுழைவு: நீரிழிவு உள்ளவரா, அல்லது சர்க்கரை 200-க்கு மேலா? ஆம் என்றால் → ரத்தக் கீட்டோன் 3.0-க்கு மேல் (மீட்டர் இல்லையென்றால் சிறுநீரில் 2+ முதல்), *மற்றும்* பி.எச் 7.3-க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழ். சர்க்கரை சாதாரணமாக இருந்தாலும் நிறுத்தாதே. எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேள்.

திரவம்: மணிக்கு 500 முதல் 1000 மில்லி, முதல் 2 முதல் 4 மணி நேரத்துக்கு.

பொட்டாசியம் வாசல். ரிப்போர்ட் வராமல் இன்சுலின் இல்லை.
3.5-க்குக் கீழ்: இன்சுலின் வேண்டாம். மணிக்கு 10 முதல் 20 மில்லிமோல் பொட்டாசியம், 3.5-ஐத் தாண்டும்வரை. மானிட்டர் போடு.
3.5 முதல் 5.0 வரை: இன்சுலின் தொடங்கு. ஒவ்வொரு லிட்டர் திரவத்திலும் 10 முதல் 20 மில்லிமோல்.
5.0-க்கு மேல்: இன்சுலின் தொடங்கு. பொட்டாசியம் சேர்க்காதே, 2 மணி நேரத்தில் மறுபடி பார்.

வெளியேறுவது: கீட்டோன் 0.6-க்குக் கீழ், *மற்றும்* பி.எச் 7.3-ஐ எட்டியது அல்லது பைகார்பனேட் 18-ஐ எட்டியது, *மற்றும்* சர்க்கரை 200-க்குக் கீழ். மூன்றும் சேர்ந்தால் மட்டும்.

கீட்டோன்மீட்டர்

இப்போது அந்த 50 கிலோ நோயாளியை ஓட்டிப் பாருங்கள். சர்க்கரை 192 என்றாலும் நீரிழிவு உள்ளவர், உள்ளே வந்துவிடுகிறார். பொட்டாசியம் 3.2, வாசலில் நிற்கிறார். சலைனும் மணிக்கு 10 முதல் 20 மில்லிமோல் பொட்டாசியமும் போகின்றன. இந்த நேரத்தில் டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம். அது அவருடைய சொந்த இன்சுலினைத் தூண்டி பொட்டாசியத்தை இன்னும் இறக்கும். இரண்டு மணி நேரத்தில் 3.7. இப்போது இன்சுலின் மணிக்கு 5 யூனிட், கூடவே முதல் நிமிடத்திலிருந்தே டெக்ஸ்ட்ரோஸ், ஏனென்றால் சர்க்கரை ஏற்கெனவே 250-க்குக் கீழே. உங்கள் படத்தில் டெக்ஸ்ட்ரோஸ் கட்டமே காணோம், சேர்த்துவிடுங்கள்.

எட்டாவது மணியில் சர்க்கரை 170, கீட்டோன் 2.1, பைகார்பனேட் 14. பழைய படமாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். புதியதில் 2.5 யூனிட்டில் தொடர்கிறது. பதினாலாவது மணியில் கீட்டோன் 0.5, பி.எச் 7.32, ஆனால் பைகார்பனேட் 15. இங்கே ஜூனியர் குழம்புவான். நார்மல் சலைனை லிட்டர் லிட்டராக ஏற்றியதால் குளோரைடு ஏறியிருக்கிறது, அதுதான் பைகார்பனேட்டைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. கீட்டோன் போய்விட்டது. உங்கள் வரியில் "அல்லது" இருப்பதால் பி.எச் வழியாக அவர் வெளியே வந்துவிடுவார். அந்த "அல்லது"வையும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

ஆனால் இவரை ஒரு நாளாவது கூடுதலாகக் கவனியுங்கள். அந்த மாத்திரையின் விளைவு சில நாள் நீடிக்கும், கீட்டோன் திரும்பவும் ஏறலாம். மாத்திரைச் சீட்டில் அதை அடித்துவிடுங்கள்.

முதல்வருடம்

வெளியேறும் கட்டத்தில் "தோலடி இன்சுலினுக்கு மாற்று" என்று இருக்குமே, அதை அப்படியே செய்தால் டிரிப்பை நிறுத்திவிட்டு ஊசி போடுவேன். அதுதானே சரி?

ஊசிமுனை

இல்லை டாக்டர், தலைகீழ். முதலில் நீண்டநேர இன்சுலின் ஊசி. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். அப்புறம்தான் டிரிப் நிற்கும். நரம்பில் போன இன்சுலின் நிறுத்திய சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஊசியில் போட்டது ஏற நேரம் பிடிக்கும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் காலையில் கீட்டோன் திரும்ப வந்து நிற்கும். எங்கள் வார்டில் ஊசி போட்ட நேரத்தை பம்ப் மேலேயே பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுவோம். படத்தில் "ஊசி போட்ட நேரம் ____, டிரிப் நிறுத்தும் நேரம் ____" என்று காலியிடம் விடுங்கள்.

பழையஸ்டெத்

திரவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குளோரைடுதான் பிரச்சினை என்றால், முதலிலேயே ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவம் என்று எழுதிவிடலாமே?

கீட்டோன்மீட்டர்

எழுதலாம், அறிக்கை இரண்டையும் அனுமதிக்கிறது. 2020-ல் வந்த ஓர் ஆய்வில் சமநிலைத் திரவம் கொடுத்தவர்களுக்கு டி.கே.ஏ தீர ஏறத்தாழ 13 மணி, சலைன் கொடுத்தவர்களுக்கு 17 மணி. ஆனால் அது பெரிய ஆய்வுகளுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி, எண்ணிக்கை குறைவு. இதை வைத்து ஒரு பக்கத்தில் கட்டளை போட எனக்குக் கை வராது. இரண்டில் வார்டில் தயாராக இருப்பதைத் தொடங்கு, தேடிக்கொண்டு நிற்காதே என்பதே போதும்.

இரவுவார்டு

டெக்ஸ்ட்ரோஸ் கட்டமும் ஊசிக்கான காலியிடமும் சேர்த்துவிட்டேன். மறுபார்வை நேரங்களை வலது ஓரத்தில் செங்குத்தாகப் போடுகிறேன்: சர்க்கரை மணிக்கு ஒருமுறை, பொட்டாசியம் தொடங்கிய 2 மணி நேரத்தில், அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. பாஸ்பேட், நோய்த்தொற்றுத் தேடல் எல்லாம் பின்பக்கம் போய்விட்டன.

இன்னும் ஒன்று மாட்டுகிறது. எங்களிடம் ரத்தக் கீட்டோன் மீட்டரின் ஸ்ட்ரிப் அடிக்கடி தீர்ந்துவிடும். நுழைவில் சிறுநீர்க் கீட்டோன் வைத்தேன். வெளியேறும் கட்டத்திலும் அதையே வைக்கலாமா?

கீட்டோன்மீட்டர்

கூடாது. சிறுநீர் ஸ்ட்ரிப் பார்ப்பது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை. சிகிச்சையில், ரத்த மீட்டர் பார்க்கிற பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் அதாகத்தான் மாறுகிறது. ஆள் தேறிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரிப் இன்னும் கருத்துப் போகலாம். "மோசமாகிறது" என்று இன்சுலினை ஏற்றிவிடுவார்கள். சிறுநீர் உள்ளே விடுவதற்கு மட்டும்.

இரவுவார்டு

அப்போது ஸ்ட்ரிப் இல்லாத இரவில் எதை வைத்து வெளியே விடுவது? பி.எச் மட்டும் போதுமா?

கீட்டோன்மீட்டர்

பி.எச், கூடவே அயனி இடைவெளி. Na − (Cl + HCO₃) கணக்குப் போட்டு 12-க்குள் வந்தால் 2009 முறைப்படி தீர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன நோயாளிக்கு சோடியம் 138, குளோரைடு 112 என்று வைத்தால் 138 − (112 + 15) = 11. பைகார்பனேட் குறைவாக இருந்தாலும் வெளியே வருகிறார். ஆனால் 2024 முக்கிய அளவுகோலிலிருந்து இடைவெளியை எடுத்துவிட்டது. ஆகவே பதிப்பைக் கலக்காதீர்கள் என்று சொன்ன நானே இப்போது கலக்கச் சொல்கிறேன்.

பழையஸ்டெத்

அதற்குத்தான் சொன்னேன், பழையவர்களையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

முதல்வருடம்

ராத்திரியில் கழித்தல் கணக்கா? சூத்திரத்தைக் கட்டத்துக்குள்ளேயே காலியிடத்தோடு போட்டுவிடுங்கள். நான் நிரப்பிக்கொள்கிறேன்.

ஊசிமுனை

ஸ்ட்ரிப் தீர்வதற்கு முன்னால் ஆர்டர் போடும் வேலை யாருடையது என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுத முடியுமா?